முகம் மாற்றும்போது ஃபெதர் எவ்வளவு வைப்பது?

கேள்வி: குரூப் போட்டோவில் கண்ணை மூடியவரின் முகத்தை அடுத்த ஷாட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறேன். ஃபெதர் 8 என்று வைத்துப் பழகிவிட்டேன். பெரிய ஃபைலில் ஒட்டிய கோடு தெரிகிறது, சின்ன ஃபைலில் அதே 8 கன்னத்தையெல்லாம் கலங்கடிக்கிறது. எந்த எண்தான் சரி?

பிக்சலில் நிலையான எண் எதுவும் கிடையாது. முகத்தின் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் தொடங்குவது 1.2 சதவீதத்தில். படத்தின் மொத்த அகலத்தைப் பார்க்காதீர்கள். 6000 பிக்சல் படத்தில் ஐந்து பேர் நின்றால் ஒரு முகம் 600 பிக்சல் இருக்கும், ஐம்பது பேர் நின்றால் 100கூடத் தேறாது. படம் ஒரே அளவுதான், ஃபெதர் ஒன்றாக இருக்க முடியாது.

8 ஏன் ஏமாற்றுகிறது என்றால், அந்த எட்டு பிக்சலுக்குள் கலப்பு முடிந்துவிடுவதில்லை. போட்டோஷாப்பில் ஃபெதர் என்பது மாஸ்க்கின் விளிம்பைக் காஸியன் முறையில் மங்கலாக்குவது. விளிம்புக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தூரம் அது பரவும். ஆக 8 கொடுத்தால் கலப்புப் பட்டை சுமார் 40 பிக்சல். மாஸ்க்கை Alt அழுத்தி கிளிக் செய்து பார்த்தால் அந்தச் சாம்பல் பட்டை அப்படியே தெரியும். வேறு மென்பொருளில் அதே 8 வேறு அகலத்தைக் கொடுக்கலாம், அதனால் ஒருமுறை கறுப்பு வெள்ளை விளிம்பில் போட்டு அளந்துவிடுவது நல்லது.

இப்போது கணக்கு. பெரிய ஃபைலில் காதிலிருந்து காது வரை முகம் 620 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 1.2 சதவீதம் 7.4, அதை 7 என்று வைத்தால் பட்டை 35 பிக்சல். கன்னத்தின் ஓரத்தில் அது கண்ணுக்குப் படாது. அதே படத்தை 1500 பிக்சலுக்குச் சுருக்கினால் முகம் 155. ஃபெதர் 2 போதும், பட்டை 10 பிக்சல். அங்கே போய் 8 வைத்தால் 40 பிக்சல் பட்டை, அதாவது முகத்தில் கால்வாசி. கலங்காமல் என்ன செய்யும்?

பெரிய ஃபைலில் 8 வைத்தும் கோடு தெரிகிறது என்கிறீர்களே, அங்கே ஃபெதர் போதாமல் அப்படி ஆவதில்லை. 8 என்பது 620 பிக்சல் முகத்துக்குத் தாராளம். அடுத்த ஷாட்டில் வெளிச்சமோ கலரோ கொஞ்சம் மாறியிருக்கும். ஐட்ராப்பரை விளிம்பின் இரு பக்கமும் வைத்து RGB எண்களைப் பாருங்கள். கன்னத்தில் ஒரு பக்கம் 182, மறுபக்கம் 170 என்று இருந்தால் அந்தப் பன்னிரண்டை ஃபெதரால் ஒளிக்க முடியாது. அகலமாக்கினால் கோடு மறைந்து, அதற்குப் பதில் மெல்லிய நிழல் ஒன்று வந்து உட்காரும். முதலில் ஒட்டும் லேயருக்கு மட்டும் ஒரு Curves போட்டு வித்தியாசத்தை இரண்டு மூன்றுக்குள் கொண்டுவாருங்கள், அப்புறம் ஃபெதரைத் தொடுங்கள்.

இந்த இழுபறி புதிதல்ல. பர்ட், ஏடெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது: நிறம், வெளிச்சம் போன்ற பெரிய மாற்றங்களுக்கு அகலமான கலப்பு வேண்டும், தோல் துளை, முடி போன்ற நுணுக்கத்துக்குக் குறுகிய கலப்பு வேண்டும், ஒரே அகலத்தால் இரண்டையும் சமாளிக்க முடியாது. அவர்கள் படத்தைப் பல அடுக்காகப் பிரித்து அடுக்குக்கு ஓர் அகலம் வைத்தார்கள். நாம் கையால் செய்யும்போது கலரைத் தனியாகச் சரிசெய்துவிடுவதால், ஃபெதர் நுணுக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கலங்கல் என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இரட்டை விளிம்பு. இரண்டு ஷாட்டிலும் காதோ தாடைக் கோடோ ஓரிரு பிக்சல் தள்ளியிருந்தால் பட்டைக்குள் இரண்டும் பாதிப் பாதியாகத் தெரியும். அதற்கு ஃபெதரைக் குறைப்பதைவிட விளிம்பையே நகர்த்துவது மேல்: தாடை ஓரத்தில் வெட்டாமல் கன்னத்தின் நடுவில், வேறு எந்தக் கோடும் குறுக்கிடாத சமமான தோலில் வெட்டுங்கள். இன்னொன்று மழமழப்பு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஷாட்டின் நாய்ஸைப் பாதிக்குப் பாதி கலந்தால் அதன் அளவு சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடும். ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படத்தில் பட்டை மட்டும் மெழுகு பூசினாற்போல் தெரிவது இதனால்தான். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தால் சரியாகிவிடும்.

சதவீதக் கணக்கு தோலுக்கு மட்டும்தான். மாஸ்க் எங்காவது சட்டைக் காலரையோ கண்ணாடி ஃப்ரேமையோ பின்னணியோடு சேரும் தலை ஓரத்தையோ ஒட்டிப் போனால், அங்கே 7 வைக்கக் கூடாது. படத்தில் ஏற்கெனவே இருக்கும் விளிம்புகள் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் அங்கே ஃபெதர். 100 சதவீத ஜூமில் பார்த்தால், நல்ல ஃபோகஸில் உள்ள காலர் ஓரம் இரண்டு மூன்று பிக்சலில் மாறிவிடும். அதற்கு ஃபெதர் 1 போதும். அதைவிடக் குறைத்தால் கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கும். தோலுக்கு ஒரு மாஸ்க், இந்த ஓரங்களுக்கு மென்மையான சின்ன பிரஷ் என்று பிரித்துக்கொண்டால் வேலை எளிது.

வரிசையும் முக்கியம். முகத்தை எடுக்கும் ஷாட்டில் அது 900 பிக்சல், ஒட்டும் இடத்தில் 600 என்றால், முதலில் சுருக்கிவிட்டு அப்புறம் ஃபெதர் வையுங்கள். செலக்‌ஷனிலேயே 9 ஃபெதர் வைத்துச் சுருக்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கி 6 ஆகிவிடும். நான் `Select > Modify > Feather` பக்கமே போவதில்லை. லேயர் மாஸ்க்கின் `Properties` பேனலில் உள்ள `Feather` ஸ்லைடரை நகர்த்தினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, பட்டை வெளிப்பக்கமும் பரவுமே, அதனால் மாஸ்க்கை ஃபெதரின் இரண்டு மடங்கு உள்ளே சுருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முகம் எடுத்த ஷாட்டின் பின்னணி ஓரத்தில் ஒளிவட்டம் போலக் கசியும்.

நிறையப் படங்களை ஸ்கிரிப்டில் ஓட்டுபவர் என்றால் இவ்வளவுதான்:

```python
sigma = max(1.0, 0.012 * face_w)
k = int(2 * sigma)
mask = cv2.erode(mask, np.ones((2*k+1, 2*k+1), np.uint8))
mask = cv2.GaussianBlur(mask, (0, 0), sigma)
```

`face_w` ஒட்டும் படத்தில் உள்ள முகத்தின் அகலமாக இருக்க வேண்டும், எடுத்த படத்தினுடையது அல்ல.

இந்தக் கணக்கு தவறும் ஓர் இடம் உண்டு: சின்னப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால். 155 பிக்சல் முகத்தை நான்கு மடங்காக்கினால் அகலம் 620 என்று காட்டும், தோலுக்கு 7 என்ற எண்ணும் பொருந்தும். ஆனால் கூர்மையான ஓரங்களுக்கு 1 பொருந்தாது. பெரிதாக்கியதில் படத்தின் விளிம்புகளே எட்டு பத்து பிக்சல் மங்கியிருக்கும், அதன் நடுவில் உங்கள் காலர் ஓரம் மட்டும் கத்தி மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட ஃபைலில் காலருக்கு 3 அல்லது 4 வரை போகலாம். ஒட்டும் முகம் பெரிய ஃபைலிலிருந்து வருகிறது என்றால், அதையும் அதே அளவு மங்கலாக்கிய பிறகுதான் மாஸ்க் வேலையே.