அந்தப் புள்ளியும் அந்தச் சிரிப்பும்

கேள்வி: அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. வெள்ளிக்கிழமை வைத்திருந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருப்பதாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணி எழுதினார். நான் "சரி. நீங்க முடிவு பண்ணா சரியாத்தான் இருக்கும். 🙂" என்று பதில் போட்டேன். மனசாரத்தான் எழுதினேன், அனுப்புமுன் இரண்டு முறை படித்தும் பார்த்தேன். ஆனால் நான் குத்திக்காட்டிவிட்டதாக அண்ணி அண்ணனிடம் வருத்தப்பட்டாராம். போன வருஷம் கிரகப்பிரவேசத் தேதியை என்னைக் கேட்காமல் வைத்ததில் ஒரு மனத்தாங்கல் இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. நான் எழுதியதில் என்ன தப்பு? இனிமேல் எப்படிப் படித்துப் பார்த்து அனுப்புவது?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்த இரண்டு முறையும் நீங்கள் படித்தது உங்கள் குரலில், அம்மா. கோளாறு அங்கேதான். எழுதும்போது மனசில் ஓடிய குரல் திரும்பப் படிக்கும்போதும் கூடவே ஓடுகிறது, அது இல்லாமல் அந்த வரி எப்படி ஒலிக்கும் என்பது நமக்குக் கேட்பதே இல்லை. அண்ணிக்குப் போய்ச் சேர்ந்தது எழுத்து மட்டும்தான், குரல் உங்களிடமே தங்கிவிட்டது.

இதை அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் சில வரிகளை நேராகவும் சிலவற்றைக் கேலியாகவும் சொல்லச் சொன்னார்கள், ஒரு முறை குரலில், ஒரு முறை மின்னஞ்சலில். எந்த வழியில் சொன்னாலும் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று சொன்னவர்கள் நினைத்தார்கள். குரலில் 73 தடவை புரிந்தது. மின்னஞ்சலில் 56 தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வருமே! எழுத்தில் தொனி தொலைகிறது என்பதைவிட, தொலைந்தது எழுதியவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது உங்கள் வரியை அண்ணியின் இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் "சரி." அந்தப் புள்ளி. நீளமாக நாலு வாக்கியம் எழுதினால் புள்ளி யார் கண்ணிலும் படாது. ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் வந்தால் படுகிறது, ஏனென்றால் அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே செய்தி முடிந்துவிட்டது, அதற்கு மேலும் ஒரு புள்ளி என்றால் வேண்டுமென்றே வைத்தது போலத் தெரியும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் இதையும் பார்த்திருக்கிறார்கள்: கைபேசிச் செய்தியில் ஒரு சொல் பதில் புள்ளியோடு வந்தபோது, புள்ளி இல்லாததைவிட அது மனசிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை என்றார்கள் அதைப் படித்துப் பார்த்தவர்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. நம் பேச்சிலேயே "அதுக்கு முற்றுப்புள்ளி வச்சாச்சு" என்றால் இனிப் பேச ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. எப்போதும் புள்ளி வைத்தே எழுதிப் பழகியவரின் புள்ளியில் அர்த்தம் தேட வேண்டியதில்லை. வழக்கமாக "சரிங்கண்ணி" என்று எழுதுகிறவர் ஒருநாள் "சரி." என்று எழுதினால்தான் எதிராளி நின்று யோசிக்கிறார். உங்கள் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள், நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். கூடவே, "சரிங்கண்ணி"யில் இருக்கிற "ங்க"வும் உறவுப்பெயரும் "சரி."யில் இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் மொழியில் மரியாதையும் ஒட்டுதலும் பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கின்றன.

அடுத்த வரிதான் பெரிய விஷயம். "நீங்க முடிவு பண்ணா சரியாத்தான் இருக்கும்." இதில் "நீங்க"வை அழுத்திப் படித்துப் பாருங்கள், அப்புறம் "தான்"ஐக் கொஞ்சம் இழுத்துப் படியுங்கள். ஒரே எழுத்துதான், ஆனால் முதல் தடவை முழு நம்பிக்கை, இரண்டாம் தடவை "எங்களை எங்கே கேட்கப் போறீங்க" என்கிற குறை. "தான்", "ஏ" என்று நாம் சேர்க்கும் ஒட்டுகள் எல்லாம் பேச்சில் குரலை நம்பி நிற்பவை. போதாததற்கு, போன வருஷத்து மனத்தாங்கலும் தேதியைப் பற்றியது, யார் முடிவெடுத்தார்கள் என்பதைப் பற்றியது. உங்களுக்குத் தீர்ந்துவிட்டது. அண்ணிக்கு அது இன்னும் கூச்சமாக இருக்கலாம், "முடிவு" என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் மனசு நேராக அங்கேதான் போயிருக்கும்.

அந்த 🙂 இதைக் காப்பாற்றும் என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வரிக்குப் பின்னால் ஒரு மெல்லிய சிரிப்பு வந்தால் பல நேரம் கேலிப் பக்கமே சாய்கிறது, உதடு மட்டும் சிரிக்கிற சிரிப்பாக. குறிப்பாக இளவயதினர் பலர் இந்த முகத்தை அப்படித்தான் படிக்கிறார்கள். தனியாக வரும் 👍 கூட அவர்களில் சிலருக்கு "போதும், விடு" மாதிரி. தெளிவான வரிக்குப் பின்னால் எந்தச் சிரிப்பும் கெடுதல் செய்யாது. தெளிவில்லாத வரியைச் சரிசெய்ய அதைப் போடத் தோன்றுகிறது என்றால், மாற்ற வேண்டியது வரியைத்தான்.

சரி, எப்படிப் படித்துப் பார்ப்பது? நீங்கள் நினைத்த தொனிக்கு நேர் எதிரான தொனியில், வாய்விட்டு, ஒரு முறை. அன்பாக எழுதியதை எரிச்சலோடு படியுங்கள். முன்னே சொன்ன ஆய்வில், சொல்ல வேண்டிய வரிகளை எதிர்த் தொனியில் வாய்விட்டுச் சொல்ல வைத்தபோது, புரிந்துவிடும் என்கிற மிகை நம்பிக்கை குறைந்தது. எரிச்சலோடு படிக்கும்போது வரி அதற்கு இடம் கொடுக்காமல் தடுக்கிவிழுந்தால் தைரியமாக அனுப்பலாம். வழுக்கிக்கொண்டு போனால் மாற்றுங்கள். உங்கள் பதிலை இப்படி எழுதியிருந்தால்:

"சரிங்கண்ணி, ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்கும் வசதி, பசங்களுக்கு லீவு. நான் சனிக்கிழமை சாயங்காலமே வந்துடறேன், வளையல் வாங்குறதை எங்கிட்ட விட்டுடுங்க"

இதைக் கோபமாகப் படித்துப் பாருங்கள், முடியாது. சம்மதம் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை, ஏன் சம்மதம், நான் என்ன செய்யப் போகிறேன் என்றும் இருக்கிறது. குத்திக்காட்டுகிறவர் வளையல் வாங்க வர மாட்டார். இவ்வளவு எழுத நேரமில்லாதபோது, ஒற்றைச் சொல்லைப் போடாமல் "பஸ்ல இருக்கேன் அண்ணி, வீட்டுக்குப் போய் எழுதறேன்" என்று போடுங்கள். சுருக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அவர் வேறு காரணம் தேட மாட்டார்.

இப்போதைக்கு அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் திருத்தச் சுமார் 15 நிமிடம்தான், அது போய்விட்டது. அழித்தாலோ அழித்ததற்கான அடையாளம் குரூப்பில் எல்லோர் கண்ணிலும் நிற்கும், பார்த்தவர்கள் மறைக்க ஏதோ இருந்தது என்று நினைப்பார்கள். குரூப்பில் விளக்கமும் எழுத வேண்டாம், அதுவும் எழுத்துதான், அதையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். இன்றைக்கே அண்ணிக்குப் போன் பண்ணுங்கள். "நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க" என்று தொடங்க வேண்டாம், அவர் தப்பாக எடுக்கவில்லை, அந்த வரியில் இருந்ததைத்தான் எடுத்தார். "அண்ணி, நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன், எனக்கே குத்தலா இருந்துச்சு, நான் அப்படி நினைக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, வளையல் எத்தனை டஜன் வேண்டும் என்று கேளுங்கள்.