லண்டனில் சரி, நியூயார்க்கில் தவறா?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கூட்டக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். "தி கமிட்டி ஹேவ் ரெகமெண்டட் தட் தி அப்ளிகன்ட் சப்மிட்ஸ் எ ஃப்ரெஷ் ஃபார்ம்" என்று எழுதினேன். லண்டன் அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்க மேலாளரோ அதே வரியில் இரண்டு இடங்களில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். என் இலக்கணம் தவறா? இனி இருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?

பதில்: உங்கள் இலக்கணம் தவறில்லை, மேலாளரின் திருத்தமும் வீண் பிடிவாதம் இல்லை. தனித்தனியாக எழுதத் தேவையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கோடு போட்ட இடங்கள் 'ஹேவ்' என்பதும் 'சப்மிட்ஸ்' என்பதுமாகத்தான் இருக்கும்.

முதலாவது எளிது. தமிழில் 'குழு முடிவு செய்தது' என்று எழுதினால் அஃறிணை ஒருமை. 'குழுவினர் முடிவு செய்தனர்' என்று எழுதினால் பலர்பால். நாம் பெயர்ச்சொல்லையே மாற்றிக்கொண்டு செய்வதை, பிரிட்டிஷ் ஆங்கிலம் 'கமிட்டி' என்ற சொல்லைத் தொடாமல் வினையை மட்டும் மாற்றிச் செய்கிறது. குழுவை ஓர் அமைப்பாக நினைத்தால் 'ஹேஸ்', அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களாக நினைத்தால் 'ஹேவ்'. கிரிக்கெட் வர்ணனையில் 'இங்கிலாந்து ஆர் பேட்டிங்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தாது. அமெரிக்கர்கள் கமிட்டி, டீம், கவர்ன்மென்ட் போன்ற சொற்களுக்குப் பெரும்பாலும் ஒருமை வினையையே இடுவார்கள். பன்மை வினையைக் கண்டால் எழுதியவர் கை தவறிவிட்டது என்றே எண்ணுவார்கள். 'போலீஸ்' மட்டும் இரண்டு நாடுகளிலும் பன்மைதான். பிரிட்டிஷ் வழக்கிலும் பன்மைக்கு எல்லை உண்டு: 'குழுவில் ஏழு பேர் உள்ளனர்' என்பதைச் சொல்லும்போது 'தி கமிட்டி கன்சிஸ்ட்ஸ் ஆஃப் செவன் மெம்பர்ஸ்' என்றுதான் வரும், ஏனென்றால் அங்கே பேச்சு அமைப்பைப் பற்றியது.

இரண்டாவதுதான் நீங்கள் கவனம் செலுத்த வேண்டிய இடம். 'சப்மிட்ஸ்' என்பதில் உள்ள கடைசி 'ஸ்' ஓசையைத்தான் மேலாளர் நீக்கியிருப்பார். படர்க்கை ஒருமைக்கு 'ஸ்' வேண்டும் என்று பள்ளியில் படித்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். நம் வியங்கோள் வினைமுற்றை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். 'நீ வாழ்க, அவன் வாழ்க, அவர்கள் வாழ்க' என்று எண்ணும் பாலும் எதுவானாலும் வியங்கோள் உருமாறுவதில்லை. பரிந்துரை, கோரிக்கை, வற்புறுத்தல் ஆகியவற்றைச் சொல்லும் ரெகமெண்ட், டிமாண்ட், இன்சிஸ்ட், ரிக்வையர் போன்ற வினைகளுக்குப் பின்னர் 'தட்' வந்தால், அதன்பின் ஆங்கிலத்திலும் இப்படி உருமாறாத ஒரு வடிவம் வருவது உண்டு. 'சப்ஜங்டிவ்' என்று அழைக்கப்படும் இது அமெரிக்காவில் இன்றும் கவனமான எழுத்தின் இயல்பான வழக்கு. பிரிட்டனில் இது இருந்தாலும் சற்று விறைப்பாக ஒலிப்பதால், பலர் 'ஷுட் சப்மிட்' என்றோ, உங்களைப் போல நேரடியாக 'சப்மிட்ஸ்' என்றோ எழுதிவிடுகிறார்கள்.

இதை வெறும் நடை வேறுபாடு என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'தி மேனேஜர் இன்சிஸ்ட்ஸ் தட் தி கிளார்க் சைன்ஸ் தி ரெஜிஸ்டர்.' எழுத்தர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று மேலாளர் வற்புறுத்துகிறார் என்பதே நீங்கள் சொல்ல வந்தது என்றால், பிரிட்டிஷ் வாசகர் சூழலை வைத்து அப்படிப் புரிந்துகொள்வார். அமெரிக்க வாசகருக்கோ, எழுத்தர் வழக்கமாகக் கையெழுத்திட்டுத்தான் வருகிறார் என்று மேலாளர் அடித்துச் சொல்கிறார் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ஒன்று கட்டளை, மற்றொன்று சாட்சியம். 'சைன்ஸ்' என்பதை 'சைன்' என்று மாற்றினால், இரண்டு நாட்டவருக்கும் அது கட்டளை மட்டுமே.

எதிர்மறையில் இந்த வடிவம் இன்னும் விசித்திரமாகத் தெரியும். 'ஹீ நாட் அட்டெண்ட்' என்று 'டஸ்' இல்லாமலே 'நாட்' வந்து நிற்கும். அது அச்சுப்பிழை அல்ல. முதன்மை வினை இறந்தகாலமானாலும் 'தே ரெகமெண்டட் தட் ஷீ சப்மிட்' என்று வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் எழுவாய் பன்மையாக இருந்து முதன்மை வினையும் நிகழ்காலமாக இருந்தால், 'தே சப்மிட்' என்பது எப்படிப் பார்த்தாலும் ஒரே உருவம்தான். அதனால்தான் பல ஆண்டுகள் எழுதியும் இந்த வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை. எழுத்துப் பிழை திருத்தியும் உதவாது, ஏனென்றால் 'சப்மிட்', 'சப்மிட்ஸ்' இரண்டுமே அதற்குச் சரியான சொற்கள்.

திருத்தம் கற்றவுடன் எல்லா இடத்திலும் அதைத் திணித்துவிடாதீர்கள். நான் பார்க்கும் பிரதிகளில் இப்போது அந்தப் பிழையும் வருகிறது. 'சஜெஸ்ட்' என்ற வினைக்கு யோசனை கூறுதல் என்றும் பொருள் உண்டு, சுட்டிக்காட்டுதல் என்றும் பொருள் உண்டு. சந்தையில் கிராக்கி குறைந்து வருவதை அறிக்கை சுட்டிக்காட்டுகிறது என்றால், 'தி ரிப்போர்ட் சஜெஸ்ட்ஸ் தட் டிமாண்ட் இஸ் ஃபாலிங்' என்பதே இரு நாட்டிலும் சரி. அங்கே 'பி ஃபாலிங்' என்று எழுதினால் கிராக்கி விழட்டும் என்று அறிக்கை யோசனை சொன்னதாகிவிடும். தமிழில் 'வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். 'வேண்டும்' பொருந்தும் இடத்தில் மட்டும் 'ஸ்' போகும்.

ஆக, உங்கள் வரியை 'தி கமிட்டி ஹேஸ் ரெகமெண்டட் தட் தி அப்ளிகன்ட் சப்மிட் எ ஃப்ரெஷ் ஃபார்ம்' என்று எழுதினால் போதும். இந்த இரண்டு இடத்திலும் பிரிட்டிஷ் வழக்கு இரு வடிவங்களையும் ஏற்கிறது. அமெரிக்க வழக்கு ஒன்றைத்தான் விரும்புகிறது. ஆகவே அமெரிக்க வடிவத்தை எழுதினால் லண்டனில் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இதையே பொது விதியாக்கி எப்போதும் அமெரிக்க வடிவத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'யெட்' வரும் இடங்களில் நிலைமை மாறிவிடுகிறது. 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்பது அமெரிக்கப் பேச்சில் இயல்பு. பிரிட்டிஷ் வாசகருக்கு, முக்கியமாக அலுவல் எழுத்தில், அது அரைகுறையாகப் படும். 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்பதை இருவருமே ஏற்பார்கள், ஆகவே இங்கே பிரிட்டிஷ் வடிவம் பாதுகாப்பானது. ஆனால் அந்த 'ஹேவ்' பழக்கத்தில் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊர் மின்னஞ்சல்களில் அடிக்கடி காணப்படும் இந்த வரியை லண்டனும் திருத்தும், நியூயார்க்கும் திருத்தும்.