குனியாத பையனுக்கு எத்தனை மார்க்?

அன்புள்ள அக்கா,

கிழக்கு லண்டனில் ஒரு பள்ளியில் சமயக் கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனோம். ஒரு பையன் தலையில் துணி கட்டிக்கொண்டான், அமைதியாக உட்கார்ந்திருந்தான். ஆனால் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்புக்கு முன்னால் குனியவில்லை, பிரசாதமும் வாங்கவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் 'மரியாதை', 'திறந்த மனம்' என்று இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 மார்க். கூட வந்த ஆசிரியர் இவனுக்கு 2 போதும் என்கிறார். என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

2 போடாதீர்கள். செருப்பைக் கழற்றுவதும் தலையை மூடுவதும் குருத்வாரா விருந்தாளியிடம் கேட்கிற மரியாதை. அதை அவன் செய்துவிட்டான். குனிவது வழிபாடு. இறைவனுக்கு மட்டுமே தலை வணங்க வேண்டும் என்று வீட்டில் கற்ற பிள்ளை அங்கே குனியாமல் நின்றால், அது அவனுடைய நம்பிக்கை. அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன். பிரசாதத்தை மறுத்த ஒரு மாணவிக்கு மரியாதையில் மார்க் குறைத்தேன். பெற்றோர் சந்திப்பில் அவளுடைய அப்பா, "டீச்சர், நீங்கள் மார்க் போட்டது என் மகளின் படிப்புக்கா, தொழுகைக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2004-இல் வந்த சமயக் கல்விக்கான தேசியச் சட்டகம், தன்னை அறிதல், எல்லோரையும் மதித்தல், திறந்த மனம், வியப்பும் ரசனையும் என்று நான்கு மனப்பாங்குகளைச் சொன்னது. ஆனால் மாணவரின் தேர்ச்சியை அளக்க அது தந்த எட்டுப் படிநிலைகள் சமயங்களைப் பற்றிக் கற்பது, சமயங்களிலிருந்து கற்பது என்ற இரண்டு இலக்குகளுக்குத்தான். மனப்பாங்கை வளர்க்கச் சொன்னார்களே தவிர, அளந்து எண் போடச் சொல்லவில்லை. உங்கள் வட்டாரத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். எண் கட்டாயம் என்று அதில் இல்லையென்றால், தலைமை ஆசிரியரிடம் பேச அதுவே போதும்.

சரி, அப்படியானால் எதற்கு மார்க் போடுவது? தாளில் எழுதியதற்கு. "சீக்கியர்கள் குரு கிரந்த சாகிப்பின் முன் ஏன் தலை வணங்குகிறார்கள்? உன் கருத்து என்ன?" என்று ஒரு கேள்வி, 10 மார்க். முதல் பாதிக்கு 5, இரண்டாம் பாதிக்கு 5.

ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அது அவர்களுடைய புனித நூல். எல்லா மதமும் ஒன்றுதான் சொல்கிறது. நான் எல்லோரையும் மதிக்கிறேன்." உங்கள் பையன் இப்படி எழுதுகிறான்: "1708-இல் குரு கோபிந்த் சிங், தனக்குப் பிறகு இந்த நூலே குரு என்றார். அதனால்தான் உயிருள்ள குருவைப் போல விசிறி வீசுகிறார்கள், இரவில் தனி அறையில் ஓய்வுக்கு வைக்கிறார்கள். காகிதத்தை வணங்கவில்லை, அதிலுள்ள குருவின் சொல்லை வணங்குகிறோம் என்பது அவர்கள் விளக்கம். அந்த வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இறைவனைத் தவிர எதற்கும் தலை வணங்க மாட்டேன், ஏனென்றால்..."

பலரும் முதல் தாளுக்குத்தான் அள்ளிக் கொடுப்பார்கள், படிக்க இதமாக இருக்கிறதே! நான் அதற்கு 3 போடுவேன், பையனுக்கு 8 அல்லது 9. ஒரு சீக்கியர் அவன் தாளை வாசித்தால், "ஆமாம், நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்" என்பார். முதல் பாதிக்கு அதுதான் என் அளவுகோல். இரண்டாம் பாதியில், எதிர்த் தரப்பின் வலுவான காரணத்தைச் சிதைக்காமல் சொல்லிவிட்டு, தன் காரணத்தையும் சொல்கிறானா என்று பார்க்கிறேன். திறந்த மனம் என்றால் மனம் மாற வேண்டும் என்று அர்த்தமில்லை. அந்த மாணவி எதையும் மறுக்கவில்லைதான், ஆனால் சீக்கியரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

மார்க் நியாயமானதா என்று பார்க்க ஒரு வழி: பிள்ளை முடிவாகச் சொல்லும் வரியை மட்டும் காகிதத்தால் மறைத்து, இன்னொரு ஆசிரியரைத் திருத்தச் சொல்லுங்கள். மறைத்தபோது 8, திறந்தபோது 5 என்றால் நம்பிக்கைக்கு மார்க் போகிறது. வகுப்பில் பாதிப் பேர் "எல்லோரையும் மதிக்க வேண்டும்" என்றே முடித்தாலும் கவனியுங்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு பிள்ளை இன்னொருவனின் தலைப்பாகையைக் கிண்டல் செய்தால் அதைச் சும்மா விடக்கூடாது. ஆனால் அது நடத்தை விதிகளில் தீர்க்க வேண்டிய விஷயம், சமயக் கல்வி மார்க்கில் சேராது. அப்புறம், வாயே திறக்காத பிள்ளையின் மனம் திறந்ததா மூடியதா என்று நமக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

உங்கள் பையனின் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கண்ணால் பார்த்ததை எழுதலாம்: "குருத்வாராவில் விருந்தாளிக்குரிய முறைகளைப் பின்பற்றினான். அமைதியாகக் கவனித்தான்." எண் போட்டே ஆக வேண்டும் என்று பள்ளி பிடிவாதம் பிடித்தால், அந்த இரண்டு வரிக்கு மட்டும் போடுங்கள். குனியாததைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எதற்காகக் குறைப்பது என்று அந்த ஆசிரியரையே கேளுங்கள்.