1 டிபி டிஸ்க்கில் 11 நாள்தான் நிற்கிறது, ஏன்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். நாலு கேமரா, எல்லாம் 1080p, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு மாதம் நிற்கும் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். மாதக் கடைசியில் இருப்பு எண்ணினால் மூணு மூட்டை யூரியா குறைகிறது. பதிவைத் தேடினால் 11 நாள்தான் இருக்கிறது. டிஸ்க் கெட்டுப்போச்சா? ரெசொல்யூஷனைக் குறைத்தால் போதுமா?

பதில்: டிஸ்க் கெடவில்லை. டிவிஆர் செட்டிங்கில் ஒவ்வொரு கேமராவுக்கும் பிட்ரேட், அதாவது வினாடிக்கு எவ்வளவு டேட்டா பதிகிறது என்பது, 2048 Kbps என்று இருக்கும், பாருங்கள். 1 Mbps நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி நிரம்பும். 2048 Kbps என்றால் 22 ஜிபி, நாலு கேமராவுக்கு 88 ஜிபி. 1000 ஜிபியை 88-ஆல் வகுத்தால் சரியாக உங்கள் 11 நாள் வந்துவிடுகிறது.

ரெசொல்யூஷனை மட்டும் குறைத்துப் பயனில்லை. அது வயலின் பரப்பு; பிட்ரேட்தான் மதகில் வருகிற தண்ணீர். மதகை அப்படியே விட்டுவிட்டு வயலைச் சுருக்கினால் தண்ணீர் மிச்சமாகாது. மதகை அடைத்துவிட்டு வயலை அப்படியே வைத்தாலும் ஆபத்து: படம் 1080p-தான், ஆனால் நடக்கிற ஆளின் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

முதலில் டிவிஆரில் வீடியோவைச் சுருக்கும் முறையாக H.265 இருக்கிறதா பாருங்கள். அதே தெளிவுக்குப் பழைய முறையான H.264-ஐவிடக் கிட்டத்தட்ட பாதி பிட்ரேட் போதும். பழைய டிவிஆரில் அது இல்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம், சிசிடிவிக்கென்று விற்கும் பெரிய டிஸ்க்காக வாங்கிப் போடுங்கள்.

இருந்தால், கல்லாவுக்கு 1080p, 1536 Kbps. ரூபாய் நோட்டு அடையாளம் தெரிய வேண்டிய இடம் அது. வாசலுக்கு 1080p, 1024. கடை உள்பக்கமும் குடோனும் 720p, ஆளுக்கு 512 போதும். 45 கிலோ மூட்டையைத் தூக்கிப் போகிறவரை மறைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் வினாடிக்கு 12 ஃபிரேம் போதும். மொத்தம் 3584 Kbps, நாளுக்கு 38.7 ஜிபி, சுமார் 25 நாள்.

மீதிக்கு ஒரு வழி: இரவு 10 முதல் காலை 6 வரை வாசல் கேமராவைத் தவிர மற்ற மூன்றையும் அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்துவிடுங்கள். நாளுக்கு 30 ஜிபிக்குள் வந்து, 33 நாள் வரை நிற்கும். எலியும் பூச்சியும் குடோனில் சும்மா இருக்காது என்பதால் ஓரிரு நாள் குறைத்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் லைவ் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையனை ஒரு மூட்டையோடு குடோன் வாசலில் நடக்கச் சொல்லி, அந்தப் பதிவைப் போட்டு, நடை நடுவில் நிறுத்திப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் அந்தக் கேமராவை மட்டும் 768-க்கு ஏற்றுங்கள், இரண்டு நாள்போலக் குறையும். வாசல் கேமராவில் ஒரு மணிநேரப் பதிவைப் பென்டிரைவில் எடுங்கள். 460 எம்பியைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் செட்டிங் சேவ் ஆகவில்லை.