வழுக்கையாற்றில் 89 பாகைச் சரிவு

“யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுப் படுகைக்கு, விண்வெளியிலிருந்து ராடார் அளந்த SRTM உயரப் படம் எடுத்தேன். சரிவு எங்கும் 89 பாகை வருகிறது. நீரோட்டமும் நேர்கோடுகளாக ஓடுகிறது. ஏன்?”

உங்கள் படம் அகலாங்கு, நெட்டாங்கில் இருக்கிறது. ஒரு கட்டத்தின் அகலம் 0.000278 பாகை; மென்பொருள் அதை 0.000278 மீட்டர் என்றே எடுக்கும். அதற்குள் 1 மீட்டர் ஏறினால் செங்குத்துச் சுவர்தான். முதலில் மீட்டருக்கு மாற்றுங்கள்:

```
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -r bilinear dem.tif utm.tif
```

அதே 1 மீட்டர் இப்போது 1.9 பாகையாகும். சரிவும் முகத்திசையும் இதிலிருந்தே எடுங்கள்.

நேர்கோடுகள் வேறு கதை. SRTM உயரம் முழு எண்ணில்தான் வரும். நம்முடைய தட்டையான நிலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு ஒரே உயரம். பள்ளம் நிரப்பினால் அந்தச் சமதளம் இன்னும் விரியும். அதன்மேல் மென்பொருள் தானே திசை போடும். போதாததற்குப் பனங்கூடல்களும் மேடாகப் பதிந்திருக்கும், ராடார் பெரும்பாலும் மரத்தலையைத்தான் பார்த்தது.

செய்மதிப் படத்தில் ஆற்றை நீங்களே வரைந்து, அந்தக் கட்டங்களின் உயரத்தில் 5 மீட்டர் கழியுங்கள். அப்புறம்தான் பள்ளம் நிரப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்துசேரும் நீர்த்திரள்வைக் கணக்கிடவேண்டும். அதில் வரும் பெரிய கோடு அராலிப் பக்கம் கடலேரியில் இறங்கினால் சரி. ஆனால் சுண்ணக்கல்லில் நீர் உள்ளிறங்கும் உண்மைப் பள்ளங்களும் உண்டு, அவற்றை நிரப்பாமல் விடுங்கள்.