நீஸ் ஹோட்டல் பயிற்சிக்குப் பிரெஞ்சு விண்ணப்பக் கடிதம்

கேள்வி: லியோனில் சுற்றுலாத் துறை மாணவி நான். நீஸில் ஒரு ஹோட்டல் வரவேற்புப் பிரிவில் பயிற்சிக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்களைப் பற்றித் தொடங்காதீர்கள். பிரெஞ்சுக் கடிதத்தில் ‘வூ, முவா, நூ’ என்ற வரிசை உண்டு: நீங்கள், நான், நாம். முதல் பத்தி ஹோட்டலைப் பற்றியது. கோடையில் வெளிநாட்டு விருந்தினர் பெருகும் கடற்கரை ஹோட்டல் என்றால் அதைச் சொல்லுங்கள். அடுத்த பத்தியில் அதற்கு ஈடாக உங்கள் மொழிகள், வரவேற்பு மேசை அனுபவம். மூன்றாவதில் நேர்காணலுக்கு வரும் விருப்பம்.

பயிற்சியின் தொடக்க, முடிவுத் தேதிகளை மறக்காதீர்கள். கல்லூரி, ஹோட்டல், நீங்கள் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் இல்லாமல் அங்கே பயிற்சி தொடங்காது. தேதி இல்லாத கடிதத்தை வைத்து ஹோட்டல் திட்டமிட முடியாது.

பலர் சறுக்குவது விளிப்பில்தான். பெயர் தெரியாதவரை ‘ஷேர் முசியூ’, அதாவது ‘அன்புள்ள ஐயா’ என்பது உரிமை எடுத்துக்கொள்வதாகிவிடும். ‘மதாம், முசியூ’, அதாவது ‘அம்மா, ஐயா’ போதும். இறுதி வணக்க வாக்கியத்திலும் அதே விளிப்பு மாறாமல் வரவேண்டும்.