டாப்-அப் தளம் உங்களிடம் என்ன கேட்கிறது என்பதைக் கவனியுங்கள்

கேள்வி: விளையாட்டுகளுக்குள் செலவழிக்கும் டயமண்ட், யூசி போன்ற நாணயங்களை விற்கும் டாப்-அப் தளங்கள் ஏராளமாக இருக்கின்றன. எது நம்பகமானது, எது கணக்கைத் திருடுவது என்று பணம் கட்டுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? என் விளையாட்டுக் கணக்கு ஃபேஸ்புக்குடன் இணைந்திருக்கிறது.

பதில்:

தளத்தின் தோற்றம், அதன் கீழே குவிந்திருக்கும் பாராட்டுகள், விலைத் தள்ளுபடி ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, டயமண்டை உங்கள் கணக்கில் சேர்ப்பதற்கு அந்தத் தளம் உங்களிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல் போன்ற விளையாட்டுகளுக்கு உங்கள் பிளேயர் ஐடி போதும். மொபைல் லெஜண்ட்ஸுக்கு யூசர் ஐடியுடன் ஸோன் ஐடி என்ற எண்ணும் வேண்டும். கென்ஷின் இம்பாக்டுக்கு யூஐடியும் எந்த சர்வர் என்பதும் வேண்டும். கோடாஷாப், மிடாஸ்பை போன்ற அறியப்பட்ட கடைகள் இப்படித்தான் இயங்குகின்றன. நீங்கள் பணம் கட்டியதும், இந்த எண்ணுள்ள கணக்கில் இவ்வளவு சேர்க்கவும் என்ற செய்தி கடையிலிருந்து விளையாட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சேர்க்கிற வேலையைச் செய்வது அந்த நிறுவனம்தான். கடைக்காரர் உங்கள் கணக்கிற்குள் நுழைய வேண்டிய தேவையே இதில் எழுவதில்லை.

பிளேயர் ஐடி இரகசியமன்று. உங்களுடன் விளையாடும் எவரும் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம், அதை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. ஆகவே ஐடியை மட்டும் கேட்கும் தளம் மோசடித் தளமாகவே இருந்தாலும், பெரும்பாலும் நீங்கள் இழப்பது கட்டிய பணம்தான். கணக்கு உங்களிடமே இருக்கும். ஃபேஸ்புக் அல்லது கூகுள் கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்தில்தான் கணக்கு பறிபோகிறது.

இதற்கு நியாயமான விதிவிலக்குகள் உண்டு. விளையாட்டு நிறுவனமே நடத்தும் கடைகள் சில, கணக்கில் நுழையச் சொல்லும். சூப்பர்செல் ஸ்டோரில் சூப்பர்செல் ஐடி வழியாக நுழைய வேண்டும். ரோப்லாக்ஸ், ஸ்டீம் போன்றவற்றுக்குக் கடைகள் குறியீட்டு எண்ணையே விற்கின்றன. அதை நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ளிட்டுக்கொள்ள வேண்டும். வாங்கியவற்றின் பட்டியலைப் பார்ப்பதற்காகக் கடையிலேயே தனிக் கணக்குத் தொடங்கச் சொல்வதும் வழக்கம். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். இந்த விதிவிலக்குகளுக்கு வெளியே, இடைத்தரகர் ஒருவர் உங்கள் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், "உள்ளே நுழைந்து நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், கொடுக்காதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கடவுச்சொல் அவருடைய அரட்டைப் பெட்டியில் எழுத்து வடிவில் கிடக்கும்.

அண்மையில் என் அக்கா மகன், பாதி வழியில் சந்தேகப்பட்டு, கணினியில் ஒரு தளத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு என்னை அழைத்தான். அதை நாங்கள் நிதானமாகப் பார்த்தோம். திருட்டுத் தளங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதற்கு அது தெளிவான உதாரணம். முதல் பக்கம் பிரபலமான கடையொன்றின் நகல். பிளேயர் ஐடியை இட்டதும், விளையாட்டில் அவன் வைத்திருக்கும் பெயர் சரியாகத் தோன்றியது. அங்கேதான் அவனுக்கு நம்பிக்கை பிறந்திருக்கிறது. ஆனால் ஐடிக்குரிய பெயரை எடுத்துக் காட்டுவது பெரிய காரியமன்று; உண்மையான கடையின் பக்கத்தில் அதே ஐடியைப் பின்னணியில் செலுத்தி, வருகிற பெயரைத் தங்கள் பக்கத்தில் காட்டினால் முடிந்தது. தவறான ஐடிக்குப் பணம் போய்விடாமல் தடுக்கத்தான் அந்தப் பெயர் உதவும், தளத்தின் நேர்மைக்கு அது சான்றாகாது.

அடுத்து அவன் ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்ததும், பணம் கட்டும் பக்கத்திற்குப் பதிலாக, "பாதுகாப்புச் சரிபார்ப்புக்காக ஃபேஸ்புக்கில் நுழையவும்" என்ற அறிவிப்பு வந்தது. விற்பவர் பணத்தைக் கேட்பதற்கு முன்பே அடையாளத்தைக் கேட்கிறார் என்பதே போதுமான எச்சரிக்கை. பொத்தானை அழுத்தியதும் சிறிய சாளரம் ஒன்று திறந்தது. அதன் தலைப்பில் பூட்டுப் படமும் facebook.com என்ற முகவரியும் இருந்தன. எழுத்துருவிலோ நிறத்திலோ ஒரு குறையும் தெரியவில்லை. அந்தச் சாளரத்தைச் சுட்டியால் பிடித்து, பிரவுசரின் விளிம்பைத் தாண்டி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். விளிம்பில் மோதி நின்றுவிட்டது. பிரவுசரைச் சிறிதாக்கி மறைத்தபோது அதுவும் கூடவே மறைந்தது. காரணம், அது சாளரமே அன்று; அந்தப் பக்கத்திற்குள் வரையப்பட்ட ஒரு பெட்டி. அதன் தலைப்பில் தெரிந்த முகவரியும் பூட்டும் வெறும் படங்கள். உண்மையான சாளரமாக இருந்தால் பிரவுசரை விட்டு வெளியே தாராளமாக நகரும். இந்த உத்தியை 2022-ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் விரிவாக விளக்கிக் காட்டினார். ஸ்டீம் கணக்குகளைத் திருடுவதற்கு அது பயன்படுத்தப்படுவதும் அதே ஆண்டில் கண்டறியப்பட்டது.

இழுத்துப் பார்ப்பதைவிட எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. அதே பிரவுசரில் வேறொரு டேபில் நீங்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கிலோ கூகுளிலோ நுழைந்திருந்தால், உண்மையான நுழைவுச் சாளரம் உங்களை அடையாளம் கண்டுகொண்டு, உங்கள் பெயரையோ மின்னஞ்சலையோ காட்டித் தொடரலாமா என்று கேட்பதே வழக்கம். உங்களை யாரென்றே தெரியாததுபோல் மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல்லுக்கும் வெற்றுக் கட்டங்களை நீட்டினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடவுச்சொற்களைப் பிரவுசரிலோ அதற்கான செயலியிலோ சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு: அது முகவரியை ஒப்பிட்டுத்தான் கட்டங்களை நிரப்பும், கண்ணைப்போல் ஏமாறாது. எப்போதும் தானாக நிரம்பும் இடம் நிரம்பாமல் இருந்தால், கையால் தட்டச்சு செய்து அதற்கு உதவ வேண்டாம்.

கைப்பேசியில் இந்தச் சோதனைகள் முழுமையாகப் பயன்படா. அங்கே சாளரத்தை இழுக்க வழியில்லை. ஃபேஸ்புக் செயலியில் நுழைந்திருப்பது பிரவுசருக்குத் தெரியாமலும் போகலாம் என்பதால், உண்மையான பக்கமும் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். எனவே கைப்பேசியில் பிரவுசரின் சொந்த முகவரிப் பட்டையை மட்டும் நம்புங்கள். நுழைவுப் பக்கம் தோன்றிய பிறகும் மேலே உள்ள பட்டையில் கடையின் முகவரியே மாறாமல் இருந்தால், நீங்கள் பார்ப்பது ஃபேஸ்புக் அன்று.

முகவரியைப் படிக்கும்போது, தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டிற்கு முந்தைய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். காட்டுவதற்காகவே ஒதுக்கப்பட்ட போலி முடிவை வைத்து இதை எழுதுகிறேன்:

```
www.codashop.com
codashop.com.bonus-diamond.example
```

இரண்டாவது முகவரியின் தொடக்கத்தில் கடையின் பெயர் அப்படியே இருக்கிறது; ஆனால் அதன் உரிமையாளர் bonus-diamond.example என்ற பெயரைப் பதிவு செய்தவர், முன்னால் உள்ளதை அவர் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம். பூட்டுப் படத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடரா என்பதை அது சொல்லாது. தளத்தின் வயதை அறிய lookup.icann.org பக்கத்தில் முகவரியை இட்டுப் பதிவான தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தொழில் நடத்துவதாகச் சொல்லும் கடையின் முகவரி போன வாரம் பதிவாகியிருந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை. ஆனால் பழைய தேதி நம்பகத்தன்மைக்கு உத்தரவாதமாகாது, ஏனெனில் பழைய முகவரிகளும் விலைக்குக் கிடைக்கின்றன.

இரண்டடுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று பலர் துணிந்துவிடுகிறார்கள். ஆனால் போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லை இட்ட அதே நொடியில் திருடர்கள் அதை உண்மையான தளத்தில் செலுத்துகிறார்கள். உங்கள் கைப்பேசிக்கு வருகிற ஓடிபி உண்மையானதுதான், அதைப் போலிப் பக்கத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதால் கதவு திறந்துவிடுகிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழைய உதவும் பாஸ்கீ இந்த விஷயத்தில் மேலானது. அது எந்த முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அங்கு மட்டுமே வேலை செய்யும் என்பதால், போலித் தளத்திற்குக் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனமே அறிவிக்கும் சலுகைகள் விளையாட்டுக்குள்ளேயே தெரியும். அவற்றுக்கு அப்பாற்பட்டுப் பாதி விலைக்குக் கொடுப்பவர், பெரும்பாலும் திருடப்பட்ட கார்டால் வாங்கியோ, வாங்கிய பின் பணத்தைத் திரும்பப் பெற்றோ விற்கிறார். டயமண்ட் உண்மையாகவே வந்து சேரும். அதனால்தான் அவருக்கு நல்ல மதிப்புரைகளும் கிடைக்கின்றன. சில வாரங்கள் கழித்துக் கார்டின் உரிமையாளர் வங்கியில் முறையிட்டதும், விளையாட்டு நிறுவனம் அந்த டயமண்டை உங்கள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் செலவழித்திருந்தால் இருப்பு பூஜ்யத்திற்குக் கீழே போகும். கணக்கே முடக்கப்படவும் கூடும். கடவுச்சொல்லைக் கேட்காத கடையும் உங்கள் கணக்கிற்குக் கேடு செய்யக்கூடிய ஒரே வழி இதுதான் என்று கருதுகிறேன்.

ஏற்கெனவே எங்காவது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், விளையாட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல், உங்கள் விஷயத்தில் விளையாட்டின் சாவி ஃபேஸ்புக் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். அதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருந்தால், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். பிறகு ஃபேஸ்புக் செயலியில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அங்கேயே தங்கிவிடக்கூடும். உங்களுக்குத் தெரியாத மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு விளையாட்டின் அமைப்புகளுக்குப் போய், மீட்பு மின்னஞ்சல் போன்ற இணைப்புகளைச் சரிபாருங்கள், ஏனெனில் அந்த இடம் காலியாக இருந்தால் திருடர் தம்முடைய மின்னஞ்சலை அங்கே பதித்துவிடுவார். இதுவரை டாப்-அப் செய்த ரசீதுகளையும் ஆர்டர் எண்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு விளையாட்டு நிறுவனங்களின் உதவிப் பிரிவு கேட்கும் சான்றுகளில் பழைய ரசீதுகளும் அடங்கும், அவை திருடரிடம் இருக்காது.